பொதுத்தேர்வு நேரத்தில் கோச்சுக்கு மெசேஜ்: வராத நாட்களுக்குக் கணக்கு, வரப்போகும் நாட்களுக்குத் திட்டம்

பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளை, தினமும் கிரவுண்டுக்கும் போகிறது என்றால் ஜனவரியிலிருந்தே வீட்டில் இழுபறி ஆரம்பித்துவிடும். திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, ஸ்பெஷல் கிளாஸ் என்று இரண்டு நாள், மூன்று நாள் என விட்டுப்போகும். கோச்சிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு நாள் அவர் கூப்பிட்டு, "பொண்ணு வருமா வராதா, ஒண்ணு சொல்லிடுங்கம்மா" என்று கேட்பார். எங்களுக்கு அந்த போன் 2025 மார்ச்சில் வந்தது. என் பெண் அப்போது பத்தாவது, 800 மீட்டர் ஓட்டம், கடலூரில் மாலை பேட்ச். கோச் கோபமாகப் பேசவில்லை. விளையாட்டு விடுதிக்கான மே மாத செலக்‌ஷனுக்கு யாரையெல்லாம் தயார் செய்வது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். அதில் இவள் பெயரை வைப்பதா எடுப்பதா என்பதுதான் அவருடைய கேள்வி.

அன்று இரவு உட்கார்ந்து எழுதிய மெசேஜையும், அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியிருந்ததையும் இங்கே வரிசையாகத் தருகிறேன். ஓட்டப் பயிற்சியை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். கபடி, வாலிபால் போன்ற குழு ஆட்டங்களுக்கு எங்கே மாறும் என்பதை எட்டாவது பகுதியில் சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் தேர்வு அட்டவணையைக் காலண்டரில் ஏற்றுங்கள்

மெசேஜ் எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு அட்டவணை பல மாதங்கள் முன்பே வந்துவிடும். 2025 தேர்வுக்கான அட்டவணையை 2024 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டார்கள். ஆகவே ஹால் டிக்கெட் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அது தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் கைக்கு வரும். அதற்குள் கோச் தன் திட்டத்தைப் போட்டு முடித்திருப்பார்.

அந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு இப்படி இருந்தது: மார்ச் 28 வெள்ளி தமிழ், ஏப்ரல் 2 புதன் ஆங்கிலம், ஏப்ரல் 7 திங்கள் கணிதம், ஏப்ரல் 11 வெள்ளி அறிவியல், ஏப்ரல் 15 செவ்வாய் சமூக அறிவியல். இடையில் ஒரு நாள் விருப்ப மொழித் தாள் உண்டு, அது இவளுக்கு இல்லை.

காலண்டரில் வட்டம் போட்டுப் பார்த்தால்தான் ஒரு விஷயம் கண்ணில் படும். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவே மூன்று நாளோ நான்கு நாளோ இடைவெளி இருக்கிறது. மொத்தத்தில் பதினெட்டு பத்தொன்பது நாள் பரீட்சை என்று சொல்கிறோம், ஆனால் அதில் தேர்வு எழுதுவது ஐந்தே நாள். "ஒரு மாதம் வர மாட்டாள் சார்" என்று சொல்வதற்கும், இந்த ஐந்து நாளைக் காட்டிப் பேசுவதற்கும் கோச்சின் பதிலில் நிறைய வித்தியாசம் இருக்கும்.

தேர்வு நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். காலை 10 மணிக்கு ஆரம்பித்து, வினாத்தாள் படிக்கவும் விவரங்களைச் சரிபார்க்கவும் கொடுக்கும் 15 நிமிடமும் சேர்த்து மதியம் 1.15-க்கு முடியும். பிள்ளை இரண்டு மணிக்கு வீட்டில் இருக்கும். இந்த இரண்டு மணியை மறக்காதீர்கள், திட்டமே அதில்தான் நிற்கிறது.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டதால் தேர்வு பிப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிடும், நேரமும் காலை 10.30 முதல் 1.30 வரை. ஒரே கிரவுண்டில், ஒரே பேட்சில் இரண்டு பாடத்திட்டப் பிள்ளைகளும் இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பரீட்சை என்று கோச் நினைத்துக்கொண்டிருக்கலாம். எந்த போர்டு என்பதை மெசேஜிலேயே எழுதிவிடுங்கள்.

2. விட்டுப்போன நாட்களைத் தேதியோடு எடுங்கள்

"கொஞ்ச நாளா வர முடியல சார்" என்ற வரியால் எந்தப் பயனும் இல்லை. கோச்சிடம் வருகைப் பதிவேடு இருக்கிறது. அவருக்குத் தேதி தெரியும், காரணம்தான் தெரியாது. எனவே தேதியை நீங்களே சொல்லி, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்.

இதில் செய்முறைத் தேர்வு வாரம் கொஞ்சம் சிக்கல். 2025-ல் பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைத் தேர்வு பிப்ரவரி 22 முதல் 28 வரை நடந்தது. ஆனால் ஒரு பிள்ளைக்கு அதில் ஒரு நாள், அதுவும் சில மணி நேரம்தான். கோச்சுகளுக்கு இது நன்றாகத் தெரியும், வருஷா வருஷம் பார்க்கிறார்கள். "பிராக்டிகல் இருந்தது சார், அதான் ஒரு வாரம் வரல" என்றால் நம்ப மாட்டார்கள். உண்மையில் என்ன நடந்தது என்றால், ரெக்கார்டு நோட்டை முடிக்கவும் ஒத்திகைக்குமாகப் பள்ளியில் மாலை ஆறு மணி வரை உட்கார வைத்திருந்தார்கள். அதை அப்படியே எழுதினால் போதும்.

காரணம் எதுவாக இருந்தாலும் உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுதினால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். காய்ச்சலிலிருந்து எழுந்த பிள்ளையை எந்த நல்ல கோச்சும் உடனே வேகமாக ஓட விட மாட்டார். ஒரு வாரம் மெதுவோட்டம் கொடுப்பார், அல்லது டாக்டர் சர்டிபிகேட் கேட்பார். இல்லாத காய்ச்சலுக்காக, இருக்கிற கொஞ்ச நாளும் வீணாகும்.

3. எந்த நாளில் போகலாம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான வீடுகளில் தேர்வு நாளன்று கிரவுண்டு வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, இடையில் வரும் விடுமுறை நாட்களில் அனுப்புகிறார்கள். யோசித்துப் பார்த்தால் அது தலைகீழ். தேர்வு எழுதிய அன்று மாலைதான் பிள்ளைக்கு மனசு லேசாக இருக்கும் நேரம். முடிந்த பாடத்தைப் படிக்க வேண்டாம், அடுத்த பாடத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இரண்டு மணிக்கு வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, ஐந்து மணிக்குக் கிரவுண்டில் இருக்கலாம். மூன்று மணி நேரம் உட்கார்ந்தே இருந்த உடம்பு என்பதால் அன்று கடினமான பயிற்சி வேண்டாம். இருபது நிமிட மெதுவோட்டம், கொஞ்சம் ஸ்ட்ரெச்சிங், கடைசியில் நாலு முறை 80 மீட்டர் துள்ளலாக ஓடுவது, அவ்வளவுதான்.

கடினமான பயிற்சியை அடுத்த தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் வைத்துக்கொள்ளலாம். மார்ச், ஏப்ரலில் கடலூர் வெயிலும் கடல் காற்றின் ஈரமும் சேர்ந்து மாலை நாலரைக்கே ஆளை அயர வைத்துவிடும். காலை ஆறு மணிக்குப் போனால் ஏழேகாலுக்கு முடித்து வந்து, குளித்து எட்டு மணிக்குப் புத்தகத்தை எடுத்துவிடலாம். தேர்வுக்கு முந்தின நாள் முழுக்க ஓய்வு. முந்தின நாள் கடினமாக ஓடினால், பரீட்சை ஹாலில் கால் வலியோடு உட்கார வேண்டிவரும்.

இப்படி வைத்துக்கொண்டால் திட்டம் ஒரே வரியில் அடங்கிவிடும்: தேர்வு அன்று மாலை லேசாக, அடுத்த தேர்வுக்கு இரண்டு நாள் முன் காலை வேகமாக. எங்கள் அட்டவணையில் லேசான நாட்கள் மார்ச் 28, ஏப்ரல் 2, 7, 11. வேகமான நாட்கள் மார்ச் 31, ஏப்ரல் 5, 9, 13. மொத்தம் எட்டு. திங்கள் முதல் சனி வரை வழக்கமாகப் போயிருந்தால் அந்த நாட்களில் பதினைந்து பயிற்சி இருந்திருக்கும். ஏறக்குறைய பாதி மிஞ்சுகிறது.

பாதி போதுமா? பயிற்சியை முழுவதும் நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்திலேயே மூச்சுத் திறன் இறங்க ஆரம்பித்துவிடும். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் ஓடினாலே பல வாரம் தாக்குப்பிடிக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன, ஒரு நிபந்தனையோடு: நாளைக் குறைக்கலாம், தூரத்தைக் குறைக்கலாம், வேகத்தைக் குறைக்கக் கூடாது. பலரும் தினமும் போய் மெதுவாக நாலு ரவுண்டு ஓடிவிட்டு வருகிறார்கள். அதைவிட வாரத்தில் இரண்டு நாள் வேகமாக ஓடுவதுதான் மேல்.

என் பெண் அப்போது 800 மீட்டரை 2 நிமிடம் 40 நொடிக்கு ஓடிக்கொண்டிருந்தாள். அதாவது 100 மீட்டருக்கு 20 நொடி. அதே வேகத்தில் 300 மீட்டர் ஓட 60 நொடி. வழக்கமாக எட்டு முறை ஓடும் 300-ஐ தேர்வு வாரத்தில் நாலாகக் குறைக்கலாம், நடுவில் மூன்று நிமிட ஓய்வோடு. ஆனால் ஒவ்வொன்றும் 60 நொடிக்குள் வர வேண்டும். எத்தனை முறை, எவ்வளவு ஓய்வு என்பதெல்லாம் கோச் சொல்ல வேண்டியது, மெசேஜில் நாம் எழுதக் கூடாது. நாம் நாளையும் நேரத்தையும் சொல்வோம், பயிற்சியை அவர் சொல்லட்டும். இந்த எல்லையைத் தாண்டினால் அவருக்குப் பிடிக்காது, அதில் தப்பும் இல்லை.

ஸ்டேடியம் போக நேரமில்லை, சில்வர் பீச்சில் ஓடிவிடட்டும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மணலில் கெண்டைக்கால் கூடுதலாக வேலை செய்யும், அலையோர ஈர மணலோ ஒரு பக்கம் சரிவாக இருக்கும். பழக்கமில்லாத பிள்ளைக்கு மறுநாள் நடக்கவே வலிக்கும். பரீட்சை நேரத்தில் அந்தச் சோதனை எதற்கு?

4. யார் எழுதுவது, எங்கே, எப்போது

பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் அம்மாவோ அப்பாவோ எழுதுவதுதான் சரி. பிள்ளையே எழுதினால், வீட்டுக்குத் தெரியுமா என்ற சந்தேகம் கோச்சுக்கு வரும். கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே எழுதலாம்.

கிரவுண்டு வாட்ஸ்ஆப் குரூப்பில் போடாதீர்கள், தனியாக அனுப்புங்கள். குரூப்பில் போட்டால் அரை மணி நேரத்தில் இன்னும் பத்துப் பெற்றோர் "எங்க பையனுக்கும் சார்" என்று போடுவார்கள். கோச் எல்லோருக்கும் பொதுவாக "வர முடியாதவங்க வர வேண்டாம்" என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுவார். உங்கள் திட்டம் அதோடு காலி.

பயிற்சி நேரத்தில் அனுப்பினால் படிக்காமலே கீழே போய்விடும். எங்கள் கோச் கிரவுண்டிலிருந்து கிளம்பவே ஏழு மணி ஆகும். எட்டு மணிக்கு மேல், ஒன்பதரைக்குள் அனுப்புவது நல்லது. வாய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம். தேதிகளை அவர் திரும்பப் பார்க்க வேண்டும், மூன்று நிமிடக் குரலில் ஏப்ரல் 9-ஐத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

முதல் தேர்வுக்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரமாவது இருக்கும்போது அனுப்பிவிடுங்கள். எங்கள் மெசேஜ் மார்ச் 15, சனிக்கிழமை இரவு போனது. அதைவிடத் தாமதம் ஆகியிருந்தால் காலை பேட்சில் இடம் கேட்க முடிந்திருக்காது.

5. மெசேஜ்

பெயரை மட்டும் எடுத்துவிட்டு, அனுப்பியதை அப்படியே தருகிறேன். தேதிகளை மாற்றி நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

> வணக்கம் சார். நான் மாலை பேட்ச், 800 மீட்டர் ……… அம்மா. பத்தாம் வகுப்பு, ஸ்டேட் போர்டு.
>
> பிப்ரவரி 24 முதல் 28 வரையிலும், மார்ச் 10, 11, 12 தேதிகளிலும் அவள் பயிற்சிக்கு வரவில்லை. முதல் வாரம் செய்முறைத் தேர்வுக்காக தினமும் ஆறு மணி வரை பள்ளியில் இருக்க வேண்டியதாகிவிட்டது. இரண்டாவது, திருப்புதல் தேர்வு. அப்போதே தகவல் சொல்லாததற்கு மன்னிக்கவும் சார்.
>
> பொதுத்தேர்வு மார்ச் 28, ஏப்ரல் 2, 7, 11, 15. பயிற்சியை நிறுத்த விருப்பமில்லை. மே மாத செலக்‌ஷனில் கலந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறாள். அதனால் இப்படி யோசித்திருக்கிறோம்:
>
> மார்ச் 17 முதல் 25 வரை வழக்கம்போல் வருவாள். ஸ்பெஷல் கிளாஸ் இருந்தால் 5.15-க்கு வந்துவிடுவாள். 26, 27 வர மாட்டாள்.
>
> தேர்வு அன்று மாலை (மார்ச் 28, ஏப்ரல் 2, 7, 11) 5 மணிக்கு வந்து லேசான பயிற்சி.
>
> மார்ச் 31, ஏப்ரல் 5, 9, 13 காலை 6 மணிக்கு வந்து நீங்கள் சொல்லும் முழுப் பயிற்சி. இந்த நாலு நாளும் காலை பேட்சில் சேர்த்துக்கொள்ள முடியுமா சார்?
>
> ஏப்ரல் 16 முதல் மறுபடியும் தினமும் வருவாள்.
>
> இதில் உங்களுக்கு ஒத்துவராத நாள் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறோம். ஏப்ரல் கட்டணம் எப்போதும்போல் கட்டிவிடுகிறேன். திங்கள் மாலை பயிற்சி முடிந்ததும் தேர்வு அட்டவணை நகலோடு நேரில் வந்து பார்க்கிறேன். நன்றி சார்.

இதில் ஒவ்வொரு பத்தியும் ஒரு வேலை செய்கிறது. முதல் வரியில் பிள்ளையின் பேட்சும் நிகழ்வும் இருப்பதால், அறுபது எழுபது பிள்ளைகளைப் பார்க்கிற மனிதர் யார் இது என்று யோசிக்க வேண்டாம். மன்னிப்பு ஒரே வரிதான். நாலு வரிக்கு இழுத்தால் கெஞ்சுவதுபோல ஆகிவிடும், முக்கியமான விஷயம் கீழே தள்ளப்படும். கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: காலை பேட்சில் சேர்த்துக்கொள்ள முடியுமா? மூன்று கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும், அதுவும் நமக்கு வேண்டாத கேள்விக்கு.

"படிப்புதான் முக்கியம் சார், உங்களுக்கே தெரியும்" என்ற வரியை எழுதியிருந்தேன், அனுப்பும் முன் என் வீட்டுக்காரர் எடுக்கச் சொன்னார். சரிதான். பிழைப்பே விளையாட்டாக இருக்கிறவரிடம் அதை எதற்குச் சொல்ல வேண்டும்?

6. கட்டணம்

தனியாரிடம் பயிற்சி எடுப்பவர்களுக்கு இது. எங்கள் கோச்சுக்கு மாதம் 800 ரூபாய். பாதி நாள்தானே வருகிறாள், பாதிக் கட்டணம் என்று கேட்கலாமா என்று தோன்றும். கேட்கலாம், ஆனால் இதே மெசேஜில் வேண்டாம். வராததற்கு மன்னிப்பும் கட்டணக் குறைப்பும் ஒரே மூச்சில் வந்தால், மெசேஜே பணத்துக்காகத்தான் என்று படும். 400 ரூபாயை மிச்சம் பிடித்து, காலை பேட்சில் இடத்தை விட்டுவிடுவது நஷ்டம்.

நாங்கள் முழுக் கட்டணமும் கட்டினோம். மே மாதம் அவரே ஒரு வாரம் கூடுதலாகக் காலையிலும் வரச் சொன்னார், தனியாகப் பணம் கேட்கவில்லை. எல்லாக் கோச்சும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு மாதம் முழுக்க வரவே போவதில்லை என்றால் மட்டும், நேரில் பார்க்கும்போது, "அந்த மாசத்துக்கு எப்படி சார் பண்றது?" என்று அவரையே கேட்டுவிடுங்கள். தொகையை நாம் சொல்ல வேண்டாம்.

கட்டாமல் சும்மா இருந்துவிடுவது மட்டும் கூடாது. கட்டணம் வரவில்லை என்றால் நின்றுவிட்டதாக நினைத்து இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். சீசன் ஆரம்பிக்கும்போது திரும்பப் போனால் புதிதாகச் சேர்க்கைக் கட்டணம் கேட்பதும் உண்டு.

7. பதிலை எப்படி எடுத்துக்கொள்வது

கோச்சுகள் நீளமாக எழுத மாட்டார்கள். கட்டை விரல் ஒன்று வரும், அல்லது "ஓகே" வரும். படித்துவிட்டார் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. எல்லா நாளுக்கும் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "பார்க்கலாம்" என்று வந்தால் பெரும்பாலும் முடியாது என்றுதான் பொருள், நேரில் போனால்தான் காரணம் தெரியும்.

எனக்கு வந்த பதில் "ok mam, monday vaanga". திங்கட்கிழமை போனேன். அட்டவணையை ஒரு தாளில் பிரதி எடுத்து, பயிற்சி நாட்களைப் பச்சை பேனாவில் வட்டம் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை ஸ்கோர் பேடில் செருகிவிட்டு இரண்டு மாற்றம் சொன்னார். ஏப்ரல் 9 காலை அவர் வெளியூர் மீட்டுக்குப் போகிறார், அதனால் 8-ம் தேதி மாலை வரச் சொன்னார். அப்புறம், தேர்வு அன்று ஸ்பைக்ஸ் போட வேண்டாம், சாதாரண ஷூ போதும் என்றார். அந்தத் தாள் அவரிடம் இருந்தது பிறகு ரொம்ப உதவியது, ஒரு நாளும் "ஏன் வரல" என்று போன் வரவில்லை.

திட்டம் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கணிதத் தேர்வு அன்று மதியம் வந்தவள் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றில் கடைசிப் படி தப்பு என்று ஒரே அழுகை. ஐந்து மணிக்கு அவளைக் கிரவுண்டுக்கு அனுப்புவது நடக்காத காரியம். நாலு மணிக்கே "இன்று வர மாட்டாள் சார், நாளை மாலை வருவாள்" என்று ஒரு வரி போட்டேன். காரணம் எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை. பயிற்சி ஆரம்பிக்கும் முன்பே தகவல் போய்ச் சேர்ந்தால் கோச்சுகளுக்கு அது போதும். ஆறு மணிக்குப் போடுகிற அதே மெசேஜ் எரிச்சலைத்தான் தரும்.

8. குழு ஆட்டம் என்றால்

கபடி, வாலிபால், கால்பந்துப் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன இரண்டு நாள் கணக்கு அப்படியே ஒத்துவராது. ஓட்டத்தில் ஒரு பிள்ளை வராவிட்டால் நஷ்டம் அந்தப் பிள்ளைக்கு மட்டும். வாலிபாலில் செட்டர் வராவிட்டால் மற்ற ஐந்து பேரும் பந்தைத் தூக்கிப்போட்டுவிட்டு நிற்க வேண்டியதுதான். எனவே நீங்கள் நாள் குறிக்கும் முன், முழு டீமாக ஆடிப் பார்க்கும் நாள் எது என்று கோச்சிடம் கேளுங்கள். வாரத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த நாட்களைக் காப்பாற்றிவிட்டு, தனிப்பயிற்சி நாட்களை விட்டுக்கொடுங்கள். ஒரே பள்ளிப் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் டீமில் இருந்தால், பெற்றோர் சேர்ந்து ஒரே மெசேஜாக அனுப்பலாம். கோச்சுக்கு எத்தனை பேர் மிச்சம் என்று ஒரே பார்வையில் தெரியும்.

9. தேர்வு முடிந்த பிறகு முதல் இரண்டு வாரம்

ஏப்ரல் 15 மாலையே பிள்ளை ஸ்பைக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். அங்கேதான் பிடித்து நிறுத்த வேண்டும். மூச்சு சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும், எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் வராது. பாதியாகக் குறைந்திருந்த ஓட்டத்தை ஒரே நாளில் முழுதாக்கினால் முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் உள்பக்கம் வலி ஆரம்பிக்கும். முதலில் ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் மறையும், அதனால் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். அந்த எலும்பைக் கட்டை விரலால் மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். நீளவாக்கில் பரவலாக வலித்தால் ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாங்கள் மெசேஜில் ஏப்ரல் 16 முதல் தினமும் என்று எழுதியிருந்தோம். கோச் முதல் வாரத்தை நாலு நாளாகக் குறைத்தார், இரண்டாவது வாரத்தில்தான் ஆறு நாளும். உங்கள் மெசேஜில் இதை முதலிலேயே எழுதிவிடுங்கள்: முதல் வாரம் நாலு நாள், பிறகு வழக்கம்போல்.

10. செலக்‌ஷன் தாள்களைத் தேர்வுக்கு முன்பே எடுத்துவையுங்கள்

பத்தாவது முடித்துப் பதினொன்றுக்கு விளையாட்டு விடுதியில் சேர நினைப்பவர்களுக்கு இது முக்கியம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விடுதித் தேர்வை வழக்கமாக மே மாதத்தை ஒட்டி நடத்துகிறது, விண்ணப்பம் sdat.tn.gov.in தளத்தில். அறிவிப்பு வந்த பிறகு கிடைக்கும் நாள் குறைவு, அதுவும் பள்ளி விடுமுறையில் வரும். அலுவலகத்தில் ஆள் இருந்தாலும் தலைமை ஆசிரியர் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருக்கலாம், படிக்கும் சான்றிதழில் கையெழுத்து வாங்க இரண்டு மூன்று முறை நடக்க வேண்டிவரும்.

அதனால் மார்ச் மாதமே, ஹால் டிக்கெட் வாங்கப் போகிற அன்றைக்கே, படிக்கும் சான்றிதழையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவு போட்டோ, இதுவரை வாங்கிய போட்டிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, போனிலும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், இன்ஷியல் முன்னாலா பின்னாலா என்பது உட்பட. மாறியிருந்தால் திருத்தம் கேட்டு இ-சேவை மையத்துக்கு அலைய ஏப்ரலில் நேரம் இருக்காது, இப்போதே போய்விடுங்கள்.